நான்கு கார்டுகள் சுற்றிவரும் பாட்டில் வீடு எங்கே?

பினாங்கில் கல்யாண மண்டபத்திலும் சரி, கோப்பிக் கடையிலும் சரி, புதிய பாப் பாடல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குற்றச்சாட்டுகள் எழும். ஒன்று, "எல்லாப் பாட்டுக்கும் அதே நான்கு கார்டுதான், ஒன்றைக் கேட்டால் போதும்." மற்றொன்று, "ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடிக்கிறார்கள்." என்னிடம் கீபோர்டு படிக்க வரும் பிள்ளைகளும் வீட்டில் கேட்ட இதே வார்த்தைகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நான்கு கார்டுகள் திரும்பத் திரும்ப வருவது உண்மைதான். ஆனால் அப்படித் திரும்பி வரும்போது அவை என்ன வேலை செய்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. பழைய முறைப் பாட்டில் கார்டு செய்த வேலை வேறு, இந்தச் சுற்றில் அது செய்யும் வேலை வேறு. அந்த வேறுபாட்டை முன்பின் இசை படிக்காதவர்களும் காதால் சோதித்துப் பார்க்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

கர்நாடக இசை ஓரளவு காதில் விழுந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

கார்டு என்றால் என்ன

மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலித்தால் அது ஒரு கார்டு. கீபோர்டில் ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை அழுத்தி, மறுபடி ஒன்றை விட்டு ஒன்றை அழுத்தினால் மூன்று ஸ்வரங்கள் கிடைக்கும். அடியில் இருக்கும் ஸ்வரத்தின் பெயரே கார்டின் பெயர். இந்தக் கட்டுரை முழுவதும் வெள்ளைக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துவோம். சி என்ற கட்டையை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் போகும் வெள்ளைக் கட்டைகள் ரி, க, ம, ப, த, நி. இது சங்கராபரணம்.

நமக்கு ஐந்து கார்டுகள் போதும். சி மேஜர் என்பது ஸ, க, ப. எஃப் மேஜர் என்பது ம, த, ஸ. ஜி மேஜர் என்பது ப, நி, ரி. டி மைனர் என்பது ரி, ம, த. ஏ மைனர் என்பது த, ஸ, க.

மேஜர், மைனர் என்பவை கார்டின் இரு வகைகள். கறுப்புக் கட்டைகளையும் கணக்கில் எடுத்தால், ஒரு கட்டைக்கும் அதன் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்தான் மிகச் சிறியது. அதை அரைப்படி என்று அழைப்போம். அடி ஸ்வரத்திலிருந்து நடு ஸ்வரம் நான்கு அரைப்படி உயரத்தில் இருந்தால் மேஜர், மூன்று அரைப்படி என்றால் மைனர். மேஜர் மகிழ்ச்சி, மைனர் சோகம் என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். கல்யாணத்தில் ஆட வைக்கும் பாட்டுகளில் எத்தனையோ மைனரில் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். ஏ மைனரில் இருக்கும் ஸ, க இரண்டும் சி மேஜரிலும் இருக்கின்றன. அதே ஏ மைனரில் இருக்கும் த, ஸ இரண்டும் எஃப் மேஜரிலும் இருக்கின்றன. பெயர் மாறினாலும் இந்தக் கார்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு பொதுச் சொத்து. பின்னால் வரும் குழப்பத்துக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

வீடு, அதற்குப் போகும் வழி

தம்புராவோ சுருதிப் பெட்டியோ ஒலிக்கும்போது ஸ எது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பாடகர் எங்கே அலைந்தாலும் அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஸ அவருக்கு வீடு. பாட்டு அங்கே வந்து சேர்ந்தால் மனம் அமைதியாகிறது. இந்த ஆதார ஸ்வரத்தையும் அதன்மேல் கட்டிய கார்டையும்தான் இங்கே வீடு என்கிறேன்.

மேற்கத்திய இசையில் தம்புரா கிடையாது. வீடு எது என்பதைக் கார்டுகளின் நடையை வைத்தே காது கண்டுபிடிக்க வேண்டும். பழைய முறைப் பாடல்கள் இதற்கு ஒரு திட்டவட்டமான வழியை வைத்திருந்தன. ஜி கார்டோடு ம என்ற ஸ்வரத்தையும் சேர்த்து, ப, நி, ரி, ம என்று நான்கையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். அப்படியே நிறுத்திவிட்டால் அறையில் இருப்பவர்களுக்கு ஏதோ பாக்கி இருப்பதாகத் தோன்றும். அடுத்து சி கார்டை வாசித்தால் பெருமூச்சு விட்டாற்போல் இருக்கும். நி என்பது ஸவுக்கு ஓர் அரைப்படி கீழே நிற்கிறது, மேலே ஏறத் துடிக்கிறது. ம என்பது கவுக்கு ஓர் அரைப்படி மேலே நிற்கிறது, கீழே இறங்கப் பார்க்கிறது. இரண்டு ஸ்வரங்களும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் சாய்வதால்தான் அந்த இழுப்பு அவ்வளவு வலுவாக இருக்கிறது.

இப்படி வீட்டுக்குத் திரும்பி வாக்கியத்தை முடிக்கும் நடைக்குக் காடென்ஸ் என்று பெயர். பழைய முறைப் பாட்டில் கார்டுகள் வீட்டை விட்டுக் கிளம்பி, சற்றுச் சுற்றி, காடென்ஸ் வழியாகத் திரும்பும். கேட்பவர் மனதில் ஓடும் கேள்வி, "அடுத்து எங்கே போகும், எப்போது திரும்பும்?" என்பது.

சுருக்கமாகச் சொன்னால், கார்டு என்பது மூன்று ஸ்வரங்கள், வீடு என்பது பாட்டு இளைப்பாறும் இடம், காடென்ஸ் என்பது அங்கே கொண்டுசேர்க்கும் நடை. இனிமேல் வரும் பாடல்களில் காடென்ஸைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

சுற்றிவரும் பஸ்

ஜார்ஜ் டவுனில் ஓடும் இலவச கேட் பஸ்ஸை எல்லோருக்கும் தெரியும். படகுத்துறையில் கிளம்பி, கொம்தார் வழியாகச் சுற்றி, மறுபடியும் படகுத்துறைக்கே வந்துவிடும். பஸ் நிறுவனத்துக்குப் படகுத்துறைதான் தொடக்கம். ஆனால் கொம்தாரில் ஏறுகிறவருக்குப் பயணம் கொம்தாரில் தொடங்குகிறது, ஒரு முழுச் சுற்று உட்கார்ந்திருந்தால் கொம்தாரில் முடிகிறது. பாதை ஒன்று, நிறுத்தங்களின் வரிசை ஒன்று. எங்கே ஏறினோம் என்பதை வைத்து ஊரே வேறு மாதிரித் தெரிகிறது.

நான்கு கார்டுகள் ஒரே வரிசையில், ஒவ்வொன்றும் பெரும்பாலும் நான்கு தட்டு நேரம் ஒலித்து, நான்காவது முடிந்ததும் இடைவெளி இல்லாமல் முதலாவதுக்கே திரும்புவதுதான் கார்டு லூப். திரும்ப வரும் அடித்தளம் என்பது புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையிலும், நான்கு தட்டை ஓர் அளவு என்று எண்ணும் அமெரிக்க ப்ளூஸ் இசையின் 12 அளவுச் சுற்றிலும் அது உண்டு. இப்போது புதிதாக இருப்பது, பல்லவிக்கு ஒன்று சரணத்துக்கு ஒன்று என்று பிரிக்காமல் முழுப் பாட்டையும் ஒரே சுற்றின்மேல் நிறுத்துவது. பழைய இசைத்தட்டின் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி அதன்மேல் வரிகளைச் சொன்ன ஹிப்ஹாப் இந்தப் பழக்கத்தை வளர்த்தது. சில அளவுகளை வளையமாக ஓடவிட்டு அதன்மேல் அடுக்கடுக்காகச் சேர்க்கும் கணினி மென்பொருள் அதை இயல்பாக்கியது.

காப்பி என்ற குற்றச்சாட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். 2023 மே மாதம் நியூயார்க்கில் பாடகர் எட் ஷீரன்மீது நடந்து முடிந்த வழக்கில், பழைய பாட்டு ஒன்றோடு கார்டு வரிசை ஒத்துப்போவது வாதத்தின் மையமாக இருந்தது. அவர் சாட்சிக் கூண்டில் கிட்டார் வாசித்துக் காட்டினார். அவர் பதிப்புரிமையை மீறவில்லை என்று ஜூரி முடிவு செய்தது. கார்டு வரிசை மொழியின் வாக்கிய அமைப்பைப் போலப் பொதுவானது என்பதே இசைக்காரர்கள் பலரின் நிலை. எனக்கும் அதில் சந்தேகமில்லை.

ஒரே வட்டம், இரண்டு வீடுகள்

இப்போது கீபோர்டுக்கு வாருங்கள். ஏ மைனர், எஃப், சி, ஜி. இந்த வரிசையை நான்கு நான்கு தட்டாக நிறுத்தாமல் வாசியுங்கள். 2017இல் வெளியான "டெஸ்பசீட்டோ" என்ற ஸ்பானிய மொழிப் பாட்டு இந்தச் சுற்றில்தான் இருக்கிறது. அசலில் பி மைனர், ஜி, டி, ஏ. நான் வெள்ளைக் கட்டைகளுக்கு இறக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆண்டு ஜூலையில் மலேசிய அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் அதை ஒலிபரப்புவதை நிறுத்தியது நினைவிருக்கலாம். காரணம் பாடல் வரிகள். கார்டுகள்மேல் எந்தப் பழியும் இல்லை.

அதே வட்டத்தில் சியில் ஏறிப் பாருங்கள். சி, ஜி, ஏ மைனர், எஃப். பல பத்தாண்டுகளாக எண்ணற்ற பாப் பாடல்களில் வரும் வரிசை இது. மேலே சொன்ன வரிசைக்கும் இதற்கும் ஒரு கார்டுகூட வித்தியாசம் இல்லை, ஏறிய நிறுத்தம் மட்டும் வேறு. ஆனால் காதுக்கு முதலாவது நடபைரவிப் பக்கம் சாய்கிறது, இரண்டாவது சங்கராபரணப் பக்கம் சாய்கிறது.

கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. சங்கராபரணத்தின் ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு தவை ஸவாக எடுத்துக்கொண்டால் நடபைரவி, ரியை எடுத்துக்கொண்டால் கரகரப்பிரியா. கச்சேரியில் பாடகர் சில நிமிடம் இதைச் செய்துகாட்டி அரங்கை வியக்க வைப்பார். தம்புரா பழைய ஸவைப் பிடித்துக்கொண்டிருப்பதால், அதை மீறிக் காதைத் திருப்புவது பெரிய வித்தை. லூப் பாட்டில் அந்தத் தம்புரா இல்லை. எனவே வீடு மாறுவது மிகச் சுலபம், சில பாடல்களில் கேட்பவருக்குக் கேட்பவர் மாறிவிடுகிறது.

ஏன் சுற்றே முடிவு சொல்லுவதில்லை என்று பார்ப்போம். இந்த வட்டத்தில் ஜி வருகிறது. அதில் இருக்கும் நி, ஸவை நோக்கி இழுக்கிறது. பழைய முறைப்படி அடுத்து சி வந்திருக்க வேண்டும். வருவது ஏ மைனர். அதில் ஸ இருக்கிறது, எனவே நியின் ஆசை நிறைவேறுகிறது. ஆனால் அடியில் நிற்பது த, எனவே வீடு வந்த நிம்மதி முழுதாகக் கிடைப்பதில்லை. கேட்டதில் பாதி கிடைக்கிறது, மீதிப் பாதி அடுத்த கார்டை நோக்கித் தள்ளுகிறது. சி கார்டும் வட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் நிற்பது எஃப். எஃப்பில் நி கிடையாது, எனவே அங்கிருந்து சிக்கு வருவது மெதுவாக வந்து அமர்வதுபோல் இருக்குமே தவிர, முற்றுப்புள்ளி வைத்தாற்போல் இருக்காது.

ஏ மைனரைத்தான் வீடு என்று உறுதியாகச் சொல்ல விரும்பும் பழைய முறை இசையமைப்பாளர் என்ன செய்திருப்பார்? ஜியின் வலப்பக்கக் கறுப்புக் கட்டையைக் கொண்டுவந்திருப்பார். தவுக்கு ஓர் அரைப்படி கீழே நிற்கும் ஸ்வரம் அது. அதற்காகவே ஜிக்குப் பதில் ஈ மேஜர் என்ற கார்டை வாசித்திருப்பார். லூப் அந்தக் கறுப்புக் கட்டையைத் தொடுவதில்லை. தொட்டால் வட்டம் மூடிவிடும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பாட்டு முடிந்துவிட்டதுபோல் ஒலிக்கும். நான்கு நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பாட்டுக்கு அது ஆகாது.

அப்படியானால் காது எதை வைத்து வீட்டை முடிவு செய்கிறது? சுற்று எந்தக் கார்டில் தொடங்குவதாகத் தாளம் காட்டுகிறது என்பது முதல் தடயம். மெட்டின் வரிகள் எந்த ஸ்வரத்தில் வந்து ஓய்கின்றன என்பது இரண்டாவது தடயம். இரண்டும் ஒன்றையே காட்டினால் சந்தேகம் எழாது. சுற்று ஏ மைனரில் தொடங்கி, மெட்டு மட்டும் அடிக்கடி சியில் வந்து அமர்ந்தால் காது இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும்.

இதுவரை வந்ததைத் தொகுத்தால், லூப்பில் முற்றுப்புள்ளி கிடையாது. வீட்டை நிச்சயப்படுத்தும் அந்த அரைப்படி இழுப்பை அது வேண்டுமென்றே தவிர்க்கிறது. அதனால் வீடு எது என்பதைத் தாளமும் மெட்டும்தான் சொல்கின்றன.

வீடே எது என்று சொல்லாத பாட்டு

இதற்கு நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் டாஃப்ட் பங்க் குழுவின் 2013ஆம் ஆண்டுப் பாட்டு "கெட் லக்கி". அசலில் பி மைனர், டி, எஃப் ஷார்ப் மைனர், ஈ. வெள்ளைக் கட்டைகளில் டி மைனர், எஃப், ஏ மைனர், ஜி. பாட்டு தொடங்கியதிலிருந்து கடைசி வரை இந்த நான்கும்தான். நிமிடத்துக்கு 116 தட்டு வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8 விநாடி ஆகிறது.

வரிசையை மறுபடி பாருங்கள். சி கார்டு இல்லவே இல்லை. சங்கராபரணத்தின் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. மிச்சம் இரண்டு சாத்தியங்கள். சுற்று டி மைனரில் தொடங்குவதால் அதை வீடு என்று கொண்டால் கரகரப்பிரியா. மூன்றாவதாக வரும் ஏ மைனரை வீடு என்று கொண்டால் நடபைரவி. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது, இரண்டையும் எதிர்க்கவும் ஆதாரம் இருக்கிறது. இசை படித்தவர்கள் இன்றும் இதைப் பற்றி வாதாடுகிறார்கள்.

என் காதுக்கு அது டி மைனர். ஆனால் வேறு விடை சொல்லும் மாணவர்களை நான் திருத்துவதில்லை. அந்தப் பாட்டு ஒரே நேரத்தில் கிளம்பிக்கொண்டும் வந்துகொண்டும் இருப்பதாகத் தோன்றுவதற்கு இந்தத் தீராத நிலைதான் காரணம் என்று நினைக்கிறேன். கடைசிக் கார்டான ஜியிலிருந்து டி மைனருக்கு வரும் இடத்தில் பெரிய வருகையும் இல்லை, பெரிய புறப்பாடும் இல்லை. எந்த இடத்தில் ஒலியைக் குறைத்து முடித்தாலும் பொருந்தும். ஆட்ட அரங்குக்கு இதைவிடத் தோதான அமைப்பு வேறு இல்லை.

எதிர்பார்ப்பு எங்கே போனது

இசையில் உணர்ச்சி பிறப்பது எதிர்பார்ப்பிலிருந்துதான் என்ற கருத்தை லியோனார்ட் மேயர் என்ற அமெரிக்க அறிஞர் 1956இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். காது ஒன்றை எதிர்பார்க்கிறது, பாட்டு அதைத் தாமதிக்கிறது அல்லது திசை மாற்றுகிறது, அந்த இடைவெளியில் உணர்ச்சி எழுகிறது. இதை அப்படியே வைத்துப் பார்த்தால் லூப் பாட்டில் உணர்ச்சியே இருக்கக் கூடாது. இரண்டாவது சுற்றிலேயே அடுத்த கார்டு எது என்று தெரிந்துவிடுகிறதே!

இந்த முடிச்சை அவிழ்க்க டேவிட் ஹியூரன் 2006இல் எழுதிய நூல் உதவுகிறது. எதிர்பார்ப்பு ஒரே வகையல்ல என்கிறார் அவர். ஒரு வகை, வாழ்நாள் முழுவதும் கேட்ட இசையால் ஏறிய பழக்கம். ஜி வந்தால் சி வரும் என்று நினைப்பது இதனால்தான். இன்னொரு வகை, இந்தக் குறிப்பிட்ட பாட்டை முன்பே கேட்டிருப்பதால் வரும் நினைவு. மற்றொன்று, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து கற்றுக்கொள்வது. லூப் பாட்டு இந்தக் கடைசி வகையை மிக விரைவாகத் தீர்த்துவைத்துவிடுகிறது. 15 விநாடிக்குள் கேட்பவர் முழு வரிசையையும் கற்றுவிடுகிறார். ஆனால் முதல் வகைப் பழக்கம் மறைவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஜியைக் கேட்டதும் அது சியை எதிர்பார்க்கத்தான் செய்கிறது. ஏ மைனர் வரப்போவது தெரிந்திருந்தும் அந்தச் சிறு தள்ளல் உள்ளே நிகழ்கிறது. அதனால்தான் சுற்று சலிக்காமல் உருள்கிறது.

"அடுத்து எந்தக் கார்டு?" என்ற கேள்வி தீர்ந்ததும் கவனம் வேறிடத்துக்கு நகர்கிறது. நம் இசையில் தாள ஆவர்த்தனம் செய்யும் வேலையை இங்கே கார்டுச் சுற்று எடுத்துக்கொள்கிறது. ஆதி தாளம் எட்டு அட்சரத்தில் திரும்பி வருகிறதே, புதுமை இல்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை. அது நிலையாக இருப்பதால்தான் பாடகர் எங்கே எடுக்கிறார், எங்கே வந்து சேர்கிறார் என்பது சுவைக்கிறது.

நிற்கும் ஸ்வரம், நகரும் தரை

இதைக் காதால் அறிய ஒரு பயிற்சி. இடது கையில் ஏ மைனர், எஃப், சி, ஜி சுற்றை ஓடவிடுங்கள். வலது கையில் க ஸ்வரத்தை மட்டும், அதாவது ஈ கட்டையை, திரும்பத் திரும்பத் தட்டுங்கள்.

ஏ மைனரில் க அந்தக் கார்டுக்குச் சொந்தமான ஸ்வரம். அது மேலே அமைதியாக இருக்கும். எஃப் வந்ததும் அதே க அந்நியமாகிவிடும். எஃப்பில் இருக்கும் மவோடு அரைப்படித் தூரத்தில் உரசி, ஏக்கம் கலந்த ஒலி தரும். சியில் அது நடு ஸ்வரமாகிவிடும், கார்டுக்கு மேஜர் நிறம் கொடுப்பதே அதுதான், எனவே பளிச்சென்று இருக்கும். ஜியில் மறுபடி சொந்தமில்லை, ஆனால் உரசல் குறைவு, மிதப்பதுபோல் இருக்கும். பாடகர் அசையவே இல்லை. நான்கு நிறங்கள் வந்துவிட்டன. புதிய பாப் பாடல்களில் மெட்டு இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே சுழல்வதைக் குறையாகச் சொல்பவர்கள் இந்தத் தரை நகர்வைக் கேட்கத் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்து க இருந்த இடத்தில் ஸவை வைத்துப் பாருங்கள். ஏ மைனர், எஃப், சி மூன்றிலும் ஸ உண்டு. மூன்று கார்டு நேரம் எந்தச் சிக்கலும் இல்லை. ஜி வந்ததும் அதிலிருக்கும் நியோடு ஸ உரசும். ஏ மைனர் திரும்பியதும் உரசல் தீரும். ஒவ்வொரு சுற்றின் கடைசிப் பகுதியிலும் ஒரு முறுக்கு, சுற்று தொடங்கும்போது ஒரு தளர்வு. காடென்ஸ் இல்லாமலேயே சுற்றுக்கு ஒரு மூச்சு கிடைத்துவிடுகிறது.

இந்தச் சுற்றுகளின்மேல் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் அமைந்த மெட்டுகள் அடிக்கடி வருவதற்கும் இதே கணக்குதான் காரணம். ஸ, ரி, க, ப, த. இதில் மவும் நியும் இல்லை. வீட்டை நிச்சயப்படுத்தும் அந்த இரண்டு அரைப்படி இழுப்புகளும் அவற்றில்தான் இருந்தன. அவற்றை மெட்டிலிருந்து எடுத்துவிட்டால் மெட்டு எந்த வீட்டுக்கும் வாதாடாது. சியை வீடாகக் கொண்டால் மோகனம். ஏயை வீடாகக் கொண்டால் அதே ஐந்து ஸ்வரங்கள் சுத்த தன்யாசி. மெட்டு எழுதுகிறவர் இரு பக்கமும் கதவைத் திறந்து வைக்கிறார்.

மாறாக, மாயாமாளவகௌளை போன்ற ராகத்தில் அமைந்த பாட்டுக்குக் கீழே இந்த நான்கு கார்டுகளைப் போட்டால் ஒட்டாது. அதன் ரியும் தவும் கறுப்புக் கட்டைகளில் விழுகின்றன. ஜியில் வெள்ளைக் கட்டை ரி, எஃப்பிலும் ஏ மைனரிலும் வெள்ளைக் கட்டை த. பாடகரின் ரியும் தவும் இவற்றோடு நேரடியாக மோதும். கல்யாண மேடைகளில் பழைய பாட்டை இளைஞர்களுக்குப் பிடிக்கும்படி மாற்றுகிறோம் என்று இறங்கும்போது நிகழும் விபத்துகளில் முக்கால்வாசி இந்த வகை. மோதல் எந்தக் கார்டில் வருகிறது என்று கவனித்தாலே காரணம் தெரிந்துவிடும். எல்லா இடத்திலும் அல்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடங்களில் மட்டும் காது கூசும்.

லூப் உண்மையிலேயே சலிக்கும் பாட்டுகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. கார்டு நிலையாக இருந்தால் வேறு ஏதாவது நகர வேண்டும். மெட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் எடுத்து அதே இடத்தில் முடிந்து, வாத்தியங்களும் கூடாமல் குறையாமல் இருந்தால், கேள்வியே இல்லாத இசையாகிவிடும். திறமையானவர்கள் செய்வது என்னவென்றால், இரண்டாம் சரணத்தில் பேஸ் வாத்தியத்தை முழுதாக எடுத்துவிடுவார்கள். அடி ஸ்வரம் போனதும் ஏ மைனரா சியா என்ற சந்தேகம் மறுபடி பிறக்கும். பல்லவியில் பேஸ் திரும்பும்போது தரை காலடிக்கு வந்ததுபோல் இருக்கும். கார்டு ஒன்றுகூட மாறவில்லை. பழைய காடென்ஸ் கொடுத்த நிம்மதியை இங்கே வாத்திய அமைப்பு கொடுக்கிறது.

சுருதிப் பெட்டியை வைத்துச் சோதனை

கைபேசியில் சுருதிப் பெட்டிச் செயலி இருந்தால், எந்த லூப் பாட்டின் வீட்டையும் நீங்களே தேடலாம். பாட்டை ஓடவிட்டு, கூடவே சுருதியை மெல்லிய ஒலியில் வையுங்கள். பஞ்சமத்தை நிறுத்திவிட்டு ஸவை மட்டும் ஒலிக்க விடுவது அவசியம். இங்கே கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண், பாட்டும் அசல் சுருதியில் ஓடுகிறது. ஏன் என்றால், "கெட் லக்கி"யில் பி மைனர் வீட்டுக்கு 7 கட்டை, எஃப் ஷார்ப் மைனர் வீட்டுக்கு 4½ கட்டை. 7 கட்டையின் பஞ்சமமே 4½ கட்டையில்தான் விழுகிறது. பஞ்சமத்தோடு வைத்தால் இரண்டு வீடுகளும் சேர்ந்து ஒலித்துச் சோதனை கெட்டுவிடும்.

முதலில் 7 கட்டையில் இரண்டு மூன்று சுற்றுக் கேளுங்கள். பிறகு 4½ கட்டைக்கு மாற்றுங்கள். சுருதி மாறியதும் பாட்டே சாய்ந்து உட்காருவதுபோல் தோன்றும். எதில் பாடகரின் வரி முடிவுகள் இயல்பாக இறங்குகின்றனவோ அது உங்கள் வீடு. "டெஸ்பசீட்டோ"வுக்கு 7 கட்டையையும் 2 கட்டையையும் ஒப்பிடுங்கள். இங்கே 7 கட்டை என்று பெரும்பாலானோர் உடனே சொல்லிவிடுவார்கள்.

கடினமானது 2019இல் வந்த "பிளைண்டிங் லைட்ஸ்" என்ற பாட்டு. அசல் கார்டுகள் எஃப் மைனர், சி மைனர், ஈ ஃபிளாட், பி ஃபிளாட். வெள்ளைக் கட்டைகளில் டி மைனர், ஏ மைனர், சி, ஜி. இதில் கரகரப்பிரியா, நடபைரவி, சங்கராபரணம் ஆகிய மூன்றின் வீடுகளும் அடுத்தடுத்து வரிசையில் நிற்கின்றன. சுருதியை 4 கட்டை, 1 கட்டை, 2½ கட்டை என்று மூன்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் மூன்று விடைகளும் வந்தன. தேவாரம் படிக்கும் ஒரு பெண், "மாஸ்டர், பாடுகிறவர் வரும்போது 1 கட்டை, அவர் நிறுத்திவிட்டு வாத்தியம் மட்டும் வரும்போது 4 கட்டை" என்றாள். ஒரே பாட்டுக்கு ஒரே வீடுதான் இருக்க வேண்டுமா என்று பக்கத்தில் இருந்த பையன் கேட்டான். அன்று மீதி நேரம் முழுவதும் பாட்டைப் பகுதி பகுதியாக நிறுத்தி, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் சுருதியை மாற்றிக் கேட்டோம்.